பதினைந்து பேரின் பேச்சு ஒரு முடிவாகும் வழி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதிலிருந்து, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் கிராமத்து வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனாலும் வந்த மாத்திரையை எல்லோரும் ஒழுங்காகப் போடுவதில்லை. எத்தனை பேர் போடுவதில்லை என்பதை ஒரு கணக்கெடுப்பு சொல்லிவிடும். ஏன் போடுவதில்லை என்று தெரிய வேண்டுமானால் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். கேள்வித்தாளில் மறதி, பக்கவிளைவு, நேரமின்மை என்று கட்டம் போட்டுக் கொடுத்தால், மக்கள் ஏதாவது ஒன்றில் டிக் அடித்துவிடுவார்கள். நாம் நினைத்தே பார்க்காத காரணத்துக்கு அந்தத் தாளில் கட்டமே இருக்காது.

சமூக மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு வட்டாரத்தில் பதினைந்து பேரிடம் முக்கால் மணி நேரம் வீதம் பேசிப் பதிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி இங்கே வரும் பேச்சுகள் விளக்கத்துக்காக நான் எழுதியவை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. ஆனால் இந்தச் சூழலும் இதில் வரும் சிக்கல்களும், இப்படிப்பட்ட ஆய்வில் இறங்கிய எவருக்கும் பழக்கமானவை.

பதிவைக் கேட்டு எழுதுவதே பெரிய வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க, பழகிய கைக்குக்கூட நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. வட்டார வழக்கு, பின்னணியில் ஓடும் டிவி, நடுவில் புகுந்து பேசும் மருமகள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். முடிவில் மாணவியின் மேசையில் ஒரு தடித்த நாவல் அளவுக்குத் தாள்கள் சேர்ந்திருக்கும். அவற்றிலிருந்து ஆய்வேட்டின் 'முடிவுகள்' பகுதிக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு பக்கத்தை எழுத வேண்டும். பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சறுக்கும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. மாணவி தன் கேள்விப் பட்டியலை எடுத்து, அதில் உள்ள தலைப்புகளையே முடிவுகளின் தலைப்புகளாக வைத்துவிடுகிறார். குடும்பம் பற்றிக் கேட்டதால் 'குடும்பக் காரணங்கள்', வேலை பற்றிக் கேட்டதால் 'வேலைக் காரணங்கள்', மருத்துவமனை பற்றிக் கேட்டதால் 'மருத்துவமனைக் காரணங்கள்'. ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து மேற்கோள்கள். படிப்பவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று தெரியும். அதெல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்று தெரியாது. பேட்டி எடுப்பதற்கு முன்பே எழுதியிருக்கக்கூடிய தலைப்புகள் அவை. அதற்காகவா பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பேச்சைப் படித்துப் பொருள் காண்பதற்கு முறையான வழிகள் உண்டு. அமெரிக்காவில் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும், மருத்துவமனைகளில் இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதை ஆராய்ந்த அனுபவத்திலிருந்து, 1967இல் தங்கள் முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். தரவைத் துண்டு துண்டாக ஒப்பிட்டுக்கொண்டே போய், அதிலிருந்து கோட்பாட்டைக் கட்டி எழுப்புவது அவர்கள் வழி. இன்று மாணவர்கள் அதிகம் கையில் எடுப்பது கருப்பொருள் பகுப்பாய்வு. விர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் எழுதிய கட்டுரை இதை ஆறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியது: திரும்பத் திரும்பப் படித்தல், குறியிடுதல், கருப்பொருள்களை உருவாக்குதல், அவற்றைச் சோதித்தல், பெயரிட்டு வரையறுத்தல், எழுதுதல். ஆறையும் வரிசையாக ஏறிவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நான்காவதில் நிற்கும்போது இரண்டாவதற்குத் திரும்ப வேண்டியிருக்கும், பல முறை.

முதலில் படிப்பு. ஒரு பேட்டியை ஒரே மூச்சில், பேனாவைத் தொடாமல் முழுக்கப் படிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இரண்டாவது பங்கேற்பாளரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ப2 என்று பெயர். பேட்டி தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் அவர் சொல்கிறார்: "டாக்டரு எழுதிக் குடுத்த மாதிரியே போடுறேம்மா. ஒரு நாளும் விட்டதில்ல." முப்பதாவது நிமிடத்தில், பேச்சு பேத்தி கல்யாணத்துக்குப் போனபோது சொல்கிறார்: "அந்த ஒரு மாசம் அலைச்சல்ல மாத்திரையாவது மண்ணாவது." இரண்டையும் தனித்தனியே வெட்டி எடுத்தால், ஒன்று 'ஒழுங்காகப் போடுதல்' என்ற கோப்புக்குள்ளும் மற்றது 'விட்டுவிடுதல்' என்ற கோப்புக்குள்ளும் போய், ஒன்றையொன்று பார்க்காமலே இருந்துவிடும். சேர்த்துப் படித்தால்தான் தெரியும்: ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் என்று மாணவியைப் பார்த்த கணத்தில் வந்தது முதல் பதில், பேசிப் பழகியபின் வந்தது இரண்டாவது. முதலாவதைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. மருத்துவத் துறை ஆட்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கற்று வைத்திருக்கிறார் என்பதே ஒரு தகவல்தான். மாணவி இதைத் தன் குறிப்பேட்டில், தேதி போட்டு, அன்றே எழுதி வைக்க வேண்டும். பிறகு முடிவுகளை எழுதும்போது இந்தக் குறிப்பேடுதான் கை கொடுக்கும்.

படித்தபின் குறியிடுதல். குறியீடு என்பது ஒரு வரிக்கோ சில வரிகளுக்கோ பக்கத்தில் நாம் எழுதும் சிறிய பெயர்: இந்த இடத்தில் என் கேள்விக்கு வேண்டியது என்ன நடக்கிறது என்பதற்கான பெயர். ப4 ஐம்பத்தெட்டு வயதுப் பெண், களை எடுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். அவர் சொல்வது இது:

"காலைல ஆறு மணிக்கே கொல்லைக்குப் போயிரணும். கஞ்சி வர பத்து மணி ஆயிரும். வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டா கண்ண இருட்டிக்கிட்டு வருது, கை நடுங்குது. வரப்புல விழுந்து கிடந்தா யாரு பாக்குறது? அதான், வேலை இல்லாத அன்னைக்கு மட்டும் போட்டுக்குவேன்."

இதன் பக்கத்தில் 'வேலை' என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். 'பக்கவிளைவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறில்லை, ஆனால் இரண்டாலும் பயனில்லை. ஒரு மாதம் கழித்துக் குறியீடுகளின் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்த்தால், 'வேலை' என்ற சொல் வேலையால் மாத்திரை நின்றதா, வேலைக்காக மாத்திரை போட்டார்களா, வேலை போய்விடும் என்று நோயை மறைத்தார்களா என்று எதையும் சொல்லாது. குறியீடு மூலப் பேச்சைப் பார்க்காமலே ஓரளவு புரிய வேண்டும். இந்த ஐந்து வாக்கியங்களுக்கு நான் மூன்று குறியீடுகள் போடுவேன்: 'சாப்பாட்டு நேரம் தன் கையில் இல்லை', 'வெறும் வயிற்றில் போட்டால் விழுந்துவிடுவோம் என்ற அச்சம்', 'வேலையில்லாத நாளுக்கு மாத்திரையை ஒதுக்குதல்'. ஒரே துண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

இந்த இடத்தில் மருத்துவ அறிவும் சேர வேண்டும். சர்க்கரைக்குத் தரும் மாத்திரைகளில் ஒரு வகை, சாப்பாட்டுக்குக் காத்திராமல் உடம்பிலிருந்து இன்சுலினை வெளியே தள்ளும். அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் எல்லாம் வரும். ப4 சொல்வது கற்பனை அச்சமாக இருக்க வேண்டியதில்லை. உடம்பு அவருக்குக் கற்றுக் கொடுத்த பாடமாகவே இருக்கலாம். எந்த மாத்திரை என்று சீட்டைப் பார்த்து உறுதி செய்யும் வரை, குறியீட்டில் 'தவறான நம்பிக்கை' என்ற சொல் நுழையக் கூடாது. நாம் ஒட்டும் பெயரிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்தால், பிறகு அந்தத் தீர்ப்புதான் ஆய்வின் முடிவாக வெளியே வரும்.

அடுத்து ப7, அறுபத்திரண்டு வயது ஆண்: "சுகர் ஏறினா எனக்கே தெரிஞ்சிரும். உள்ளங்கால் எரியும், நாக்கு வறண்டுரும். அன்னைக்கு ஒண்ணு போட்டுக்குவேன். நல்லா இருக்கிறப்ப எதுக்கு மாத்திரை?" இதற்கு 'உடம்பின் அறிகுறியைக் கொண்டு அளவிடுதல்' என்றும் 'நலமாக இருக்கும் நாளில் மாத்திரை வேண்டியதில்லை' என்றும் குறியிடலாம்.

ப11, ஐம்பத்து மூன்று வயதுப் பெண்: "செக்கப்புக்குப் போறதுக்கு நாலு நாளைக்கு முன்ன இருந்து ஒழுங்கா போட்டுருவேன். இல்லன்னா அந்த நர்சம்மா எல்லாரு முன்னாடியும் சத்தம் போடும்." குறியீடுகள்: 'சோதனைக்கு முன்பு மட்டும் ஒழுங்கு', 'பலர் முன்னால் திட்டு வாங்கும் அச்சம்'. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சோதனை அந்த நாளின் அளவைத்தான் காட்டும். நான்கு நாள் ஒழுங்காக இருந்தாலே எண் இறங்கிவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையாக இருந்தால் நான்கு நாள் உதவாது. ப11 எந்தச் சோதனைக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கிறார். ஆகவே இதை 'அறியாமை' என்ற கோப்பில் போட்டால் நேர் எதிராகப் படித்தவர்களாவோம்.

இப்படி மூன்று நான்கு பேட்டிகள் முடிந்ததும் குறியீடுகள் எண்பது, தொண்ணூறு என்று பெருகும். அப்போது நின்று, ஒரே பொருளுள்ளவற்றை இணைத்து, ஒரு குறியீட்டுக் கையேடு எழுதிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் அதன் பெயர், ஒரு வரி விளக்கம், எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது, ஓர் எடுத்துக்காட்டு. 'உடம்பின் அறிகுறியைக் கொண்டு அளவிடுதல்' என்பதற்கு இப்படி எழுதலாம்: 'பங்கேற்பாளர் தன் உடம்பில் உணரும் அறிகுறியை வைத்து அன்று மாத்திரை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடங்களில் போடவும். அறிகுறியைச் சொல்லி வருத்தப்பட்டு, அதை வைத்து மாத்திரை பற்றி எதுவும் முடிவு செய்யாத இடங்களில் போட வேண்டாம்.' இந்தக் கடைசி வாக்கியம் இல்லையென்றால், கால் எரிகிறது என்று யார் சொன்னாலும் அந்தக் குறியீடு ஒட்டிக்கொள்ளும். பத்தாவது பேட்டிக்கு வரும்போது அது எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். கையேட்டைத் திருத்தும் ஒவ்வொரு முறையும், முன்பு குறியிட்ட பேட்டிகளுக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தால், முதல் பேட்டியில் ஒரு பொருளும் கடைசிப் பேட்டியில் வேறொரு பொருளும் கொண்ட குறியீட்டை வைத்துக்கொண்டு முடிவு எழுத நேரும்.

கருவி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என்விவோ, அட்லஸ் டிஐ போன்ற கட்டண மென்பொருள்கள் உண்டு, டேகெட் இலவசம். பதினைந்து பேட்டிக்கு எக்செல் தாளே போதும்: பங்கேற்பாளர் எண், வரி எண், பேச்சுத் துண்டு, குறியீடு, குறிப்பு என்று ஐந்து பத்திகள். மென்பொருள் தேடித் தரும், அடுக்கித் தரும். 'என்விவோவில் பகுப்பாய்வு செய்யப்பட்டது' என்று எழுதினால் எப்படிப் பகுத்தார்கள் என்று படிப்பவருக்கு எதுவும் தெரியாது. மொழியைப் பொறுத்தவரை ஒன்று உறுதியாகச் சொல்வேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும் குறியிடுவது தமிழ்ப் பேச்சின் மீதே நடக்கட்டும். கடைசியில் எடுத்தாளும் மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். முழுவதையும் முதலில் ஆங்கிலமாக்கிவிட்டால், மொழிபெயர்த்தவர் புரிந்துகொண்டதைத்தான் நாம் குறியிட்டுக்கொண்டிருப்போம்.

இனிக் கருப்பொருள். குறியீடுகளைச் சிறு சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பி நகர்த்திப் பார்ப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை. ஒரே விஷயத்தைப் பற்றிய குறியீடுகளை ஒரு குவியலாக்குவது எளிது. ப4, ப7, ப11 மூவரும் மாத்திரையை விடுகிறார்கள், ஆகவே 'மாத்திரையை விடுதல்' என்று ஒரு குவியல். ஆனால் அது வெறும் தலைப்பு. பிரவுனும் கிளார்க்கும் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது, கருப்பொருளுக்கு நடுவே ஒரு பொதுவான பொருள் இருக்க வேண்டும், அதை ஒரு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும் என்பதைத்தான். 'மாத்திரையை விடுதல்' என்பதை வாக்கியமாக்கிப் பாருங்கள்: 'மக்கள் மாத்திரையை விடுகிறார்கள்.' அது ஆய்வைத் தொடங்கும்போதே நமக்குத் தெரிந்தது.

வேறு விதமாக நகர்த்திப் பார்ப்போம். ப7இன் 'உடம்பின் அறிகுறியைக் கொண்டு அளவிடுதல்' சீட்டையும் ப11இன் 'சோதனைக்கு முன்பு மட்டும் ஒழுங்கு' சீட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தென்படுகிறது. இருவருக்கும் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. தங்கள் நலத்தை அறிய உடம்பு சொல்வதே கணக்கு. ரத்தச் சோதனையின் எண் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டிய கணக்கு. ஒழுங்காகப் போடுகிறேன் என்று ப2 முதலில் சொன்ன பதிலும் இதே வரிசையில் வந்து நிற்கிறது. இப்போது வாக்கியம் கிடைத்துவிட்டது: 'பங்கேற்பாளர்கள் தங்களுக்காக உடம்பை அளக்கிறார்கள், மருத்துவமனைக்காக எண்ணைத் தயார் செய்கிறார்கள்.' கேள்விப் பட்டியலில் இது எங்கும் இல்லை. பேச்சை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததால் மட்டுமே வந்தது. கருப்பொருள்கள் தரவிலிருந்து தாமாக வெளிப்பட்டன என்று பல ஆய்வேடுகள் எழுதுகின்றன. தாமாக எதுவும் வெளிப்படுவதில்லை. சீட்டுகளை நகர்த்திய கை ஆய்வாளருடையது. ஏன் அப்படி நகர்த்தினேன் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

ப4இன் சீட்டுகள் வேறு திசையில் போகின்றன. கூலி வேலைக்குப் போகும் இன்னும் சிலரின் பேச்சும் அவற்றோடு சேர, முதல் வரைவு வாக்கியம் இப்படி வருகிறது: 'கூலி வேலை மாத்திரையைத் தடுக்கிறது.' இதைச் சோதிக்க, பொருந்தாத ஆளைத் தேட வேண்டும். ஒத்துப்போகும் மேற்கோள்களைச் சேர்த்துக்கொண்டே போவது யாருக்கும் வரும். தன் வாக்கியத்தை உடைக்கக்கூடிய ஒரு பேட்டியைத் தேடிப் போவதில்தான் இந்த ஆய்வின் நேர்மை இருக்கிறது. ப13 அப்படிப்பட்டவர். அவரும் கூலி வேலைதான், அவரும் காலை ஆறு மணிதான். ஆனால் ஒரு நாளும் விடுவதில்லை. "நாலு இட்லியத் தூக்குவாளில போட்டுக்கிட்டுப் போயிருவேன். எட்டு மணிக்கு வரப்புல உக்காந்து தின்னுட்டு மாத்திரையப் போட்டுக்குவேன். எங்க கொத்துக்காரம்மா ஒண்ணும் சொல்லாது, அதுக்கும் சுகர் இருக்கு" என்கிறார். ஆகவே தடுப்பது கூலி வேலை என்பது சரியில்லை. எப்போது சாப்பிடலாம் என்று முடிவு செய்ய முடிகிறதா இல்லையா என்பதே வித்தியாசம். வாக்கியத்தைத் திருத்துகிறோம்: 'சாப்பாட்டு நேரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் மாத்திரையின் நேரமும் இருக்கிறது.' ஒரே ஒரு பேட்டி இதைச் செய்தது. ப13ஐ 'விதிவிலக்கு' என்று ஒதுக்கியிருந்தால், ஆய்வு பாதி உண்மையோடு நின்றிருக்கும்.

அப்படியென்றால் எத்தனை பேர் சொன்னால் கருப்பொருள்? எண்ணிக்கையில் இதற்கு விடை இல்லை. ப9 தன் மாத்திரையில் பாதியை ஆஸ்பத்திரிக்குப் போக மறுக்கும் கணவருக்குக் கொடுத்துவிடுகிறார். பதினைந்து பேரில் அவர் ஒருவர்தான் இதைச் சொன்னார். இதைத் தனிக் கருப்பொருளாக நிறுத்த முடியாது. பலரிடையே ஓடும் பொதுப் பொருள் இதில் இல்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. இரண்டு பேர் அரைகுறையாக மருந்து உண்பது சுகாதாரத் துறை தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. 'ஒரு பங்கேற்பாளர் மட்டும் குறிப்பிட்டது' என்று தெளிவாகச் சொல்லி, ஒரு பத்தியில் தர வேண்டும். மறுபக்கம், பதினைந்து பேரும் சொன்னது என்பதாலேயே ஒன்று கருப்பொருளாகிவிடாது. 'மாத்திரை கசக்கிறது' என்று எல்லோருமே சொல்லலாம். அதனால் யாருடைய பழக்கமும் மாறவில்லை என்றால் அதற்கு ஒரு வரி போதும்.

இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, எந்த அளவு ஒத்துப்போகிறது என்று எண்ணில் காட்ட வேண்டுமா என்ற கேள்வி வழிகாட்டிகளிடமிருந்து வரும். குறியீட்டுக் கையேட்டை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, பல பேர் சேர்ந்து செய்யும் பெரிய சுகாதார ஆய்வுகளில் அதற்கு இடம் உண்டு. பிரவுன், கிளார்க் வழியில் அதற்கு இடமில்லை. அவர்கள் பார்வையில் ஆய்வாளரின் வாசிப்பு தரவோடு சேர்ந்தே பொருளை உருவாக்குகிறது. இருவர் ஒரே மாதிரி வாசித்தார்கள் என்பது இருவருக்கும் ஒரே பயிற்சி இருந்தது என்பதை மட்டுமே காட்டக்கூடும். எந்த வழியை எடுத்தாலும் சரி. ஆனால் அந்த இருவரின் கட்டுரையை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, அவர்களே மறுக்கும் ஒப்புமை எண்ணையும் பக்கத்தில் போட்டால், இரண்டையும் படிக்கவில்லை என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது ஆளால் எனக்குத் தெரிந்து பெரிய பயன் வேறு: நாம் 'அச்சம்' என்று எழுதிய இடத்தில் அவர் 'முன்யோசனை' என்று எழுதியிருந்தால், அந்த இடத்தைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எழுதும் கட்டத்துக்கு வருவோம். கீழே உள்ளதைப் போன்ற பத்தியைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்: 'பங்கேற்பாளர்களில் 40 சதவீதத்தினர் வேலை காரணமாக மாத்திரையைத் தவிர்ப்பதாகக் கூறினர்', அதன் கீழே ப4இன் மேற்கோள், அதன் கீழே இன்னொருவர், அதன் கீழே இன்னொருவர். பதினைந்து பேரில் ஆறு பேர் என்பதைச் சதவீதமாக்கினால், வட்டாரத்திலேயே நாற்பது சதவீதம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்தப் பதினைந்து பேரும் குலுக்கல் முறையில் வந்தவர்கள் அல்லர். பலவிதமான அனுபவம் கிடைக்கட்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சதவீதத்துக்கு இங்கே வேலையே இல்லை.

அதே தரவை இப்படி எழுதலாம்: 'கூலி வேலைக்குச் செல்லும் பங்கேற்பாளர்கள் மாத்திரையை மறந்து விடவில்லை, கணக்கிட்டே விட்டார்கள். காலை உணவு வேலையிடத்துக்கு எப்போது வரும் என்பதை அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டபோது ஏற்பட்ட நடுக்கத்தையும் கண் இருட்டலையும் அவர்கள் நேரில் அறிந்திருந்தனர். ஆகவே மாத்திரையை வேலையில்லாத நாட்களுக்கு ஒதுக்கினர்.' இதன் கீழே ப4இன் பேச்சு. பிறகு: 'வரப்பில் விழுந்தால் பார்க்க ஆளில்லை என்று இவர் சொல்வது, மாத்திரையை விடுவதால் வரும் ஆபத்தையும் போடுவதால் வரும் ஆபத்தையும் அவர் எடை போட்டுப் பார்த்திருப்பதைக் காட்டுகிறது. இதே வேலை செய்தும் மாத்திரையை விடாத ப13, தன் உணவைத் தானே கொண்டு சென்றார். இடையில் நிறுத்திச் சாப்பிட அவருக்கு அனுமதியும் இருந்தது.' பிறகு ப13இன் பேச்சு. கூற்று முதலில், பேச்சு அதற்குச் சான்றாக, அந்தப் பேச்சில் எதைப் பார்க்க வேண்டும் என்ற விளக்கம் அதன் பின், பொருந்தாதவர் கடைசியில். மேற்கோளை எடுத்துவிட்டாலும் வாதம் நிற்க வேண்டும். வாதத்தை எடுத்துவிட்டால் மேற்கோள்கள் தனியே நிற்க முடியாமல் போக வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடுவதும் திட்டத்தை எப்படி மாற்றலாம் என்பதும் அடுத்த அத்தியாயத்துக்கு உரியவை.

மேற்கோளைத் திருத்தி நல்ல தமிழாக்கும் ஆசையை அடக்க வேண்டும். அவர் 'இருட்டிக்கிட்டு வருது' என்று சொன்னால் அதுவே இருக்கட்டும். நடுவில் வெட்டினால் புள்ளிகள் வைத்துக் காட்ட வேண்டும். பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. சிறிய ஊரில் 'ஐம்பத்து மூன்று வயது, சத்துணவு அமைப்பாளர்' என்று போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். நர்சம்மா திட்டுகிறார் என்று அவர் சொன்னதும் அந்த நர்சின் காதுக்குப் போகும். ஆகவே வயதை வரம்பாகவும் தொழிலைப் பொதுவாகவும் மாற்றிப் போட வேண்டும்.

வரைவு முடிந்ததும் செய்யும் சோதனைகளில் இரண்டை நான் எப்போதும் கேட்பேன். ஒன்று, எந்தப் பங்கேற்பாளர் எத்தனை முறை மேற்கோளாக வந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது. ப4 ஏழு முறையும் ப6, ப10, ப15 ஒரு முறைகூட இல்லாமலும் இருந்தால், நன்றாகப் பேசத் தெரிந்தவரின் அனுபவம் எல்லோருடைய அனுபவமாக எழுதப்பட்டிருக்கிறது. 'ம்', 'ஆமா' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர்களின் பேட்டிகளுக்குத் திரும்பிப் போய், அவர்கள் கருப்பொருளுக்கு எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒவ்வொரு மேற்கோளையும் எடுத்துக்கொண்டு அதன் மூலப் பக்கத்துக்குப் போய், அதற்கு முந்தைய கேள்வியைப் படிப்பது. 'நர்சம்மா சத்தம் போடும்' என்று ப11 தானாகச் சொன்னாரா, 'மாத்திரை போடலைன்னா நர்ஸ் திட்டுவாங்களா?' என்று மாணவி கேட்டதற்குத் தலையாட்டினாரா? 'செக்கப்புக்கு முன்னாடி என்னம்மா செய்வீங்க?' என்ற கேள்விக்கு வந்த பதில் என்றால் அது கருப்பொருளைத் தாங்கும். தலையாட்டல் என்றால் அந்த மேற்கோளை எடுத்துவிட்டு, அதே பொருளை வேறு யாராவது கேட்காமலே சொல்லியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். யாருமே சொல்லவில்லை என்றால், திட்டு பற்றிய அந்த வாக்கியம் முடிவுகளிலிருந்து வெளியேற வேண்டும்.